சீனியும் பாலும் எங்க போகுது? எங்கட தேத்தண்ணிக் கடையைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அக்கா, உங்கட கடையில சீனியும் பாலும் காணாமல் போனதாமே, உண்மையோ?

ஓம், உண்மைதான். ஆனால் சந்தைக்குள்ள ஓடுற கதை வேற, நடந்தது வேற. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாச் சொல்லி வாய் உழைஞ்சு போச்சு, அதுதான் எல்லாத்தையும் ஒரே இடத்தில எழுதி வைக்கிறன்.

திருகோணமலை பஸ் நிலையத்துக்குப் பக்கத்து ஒழுங்கையில எங்கட கடை. காலமை அஞ்சு மணிக்குத் திறந்தால் இரவு ஏழு மட்டும் தேத்தண்ணி, கூட வடையும் பணிசும். போடுறதுக்கு ஒரு மாஸ்டர், கிளாஸ் கழுவிக் கொண்டுபோய்க் குடுக்க ஒரு பெடியன், கல்லாவில நான். வேற ஆக்கள் இல்லை. முந்தி 50 கிலோ சீனி மூட்டை ஒண்டு உடைச்சால் 16 நாள் நிறைய ஓடி 17ஆம் நாள்தான் அடி தெரியும். கச்சான் காத்துத் தொடங்கின நேரம் ஒரு மூட்டை 14ஆம் நாள் காலமையே முடிஞ்சுது. பாலும் அப்பிடித்தான். பின்னேரம் ஆறரை மட்டும் காணுற பால், சில நாளில நாலு மணிக்கே சட்டியை வழிக்க வேண்டி வந்துது. வித்த கப் மட்டும் கூடேல்லை.

கப் கூடேல்லை எண்டு எப்பிடித் திட்டமாச் சொல்லுறீங்கள்? பில் மெசின் கூட இல்லையே?

பில் மெசின் இல்லை, புளியங்கொட்டை இருக்கு. கல்லாவுக்குப் பக்கத்தில ரெண்டு பேணி. பால் தேத்தண்ணி ஒண்டு போனால் ஒரு பேணியில ஒரு கொட்டை, பிளேன்டீ போனால் மற்றதில ஒரு கொட்டை. காசு வாங்கேக்க போடுறதில்லை, கப் மேசைக்குப் போகேக்க போடுறது. ஏனெண்டால் கடன்காரரும் குடிக்கினம், கடையில வேலை செய்யிற நாங்களும் குடிக்கிறம். காசை மட்டும் எண்ணினால் அந்தக் கப்புகள் கணக்கில வராது, ஆனால் சீனி அதுக்கும் போயிருக்கும்.

இரவு கடை பூட்டேக்க கொட்டையை எண்ணிக் கொப்பியில எழுதுவன். கல்லாக் காசு, கடன் கொப்பி, எங்கட மூண்டு பேரும் குடிச்சது, இந்த மூண்டையும் கூட்டினால் கொட்டைக் கணக்குக்குக் கிட்ட வரவேணும். ரெண்டு மூண்டு கப் முன்னப் பின்ன இருக்கும், சனம் கூடின நேரம் பெடியன் கொட்டை போட மறந்திருப்பான். ஒரு சாதாரண நாளில பால் தேத்தண்ணி 180, பிளேன்டீ 120, எல்லாமா 300 கப் அளவில போகும். சீனி கெதியா முடிஞ்ச அந்த ரெண்டு கிழமையும் இதே கணக்குத்தான்.

ஒரு கப்புக்கு இவ்வளவு எண்டு அளவிருக்கோ? எல்லாம் கை அளவுதானே?

கை அளவுதான், ஆனால் கைக்கும் ஒரு அளவு இருக்கு. அதை ஒருக்கா நிறுத்துப் பாத்து எழுதி வைக்கவேணும். ஒரு கரண்டி சீனியை நிறுத்தால் தராசு ஒழுங்காக் காட்டாது. 50 கரண்டி அள்ளி ஒரு பாத்திரத்தில போட்டு நிறுத்து, பிறகு 50ஆல் பிரிக்கவேணும். எங்கட பழைய கரண்டிக்கு 50 கரண்டி 250 கிராம் வந்துது, அதாவது கரண்டிக்கு 5 கிராம். கப்புக்கு ரெண்டு கரண்டி, 10 கிராம். 300 கப்புக்கு 3 கிலோ. 50 கிலோ மூட்டை 16 நாள் தாண்டி ஓடுறது இதாலதான்.

பாலுக்கு அகப்பை. எங்கட அகப்பை நிறைச்சால் 50 மில்லிலீற்றர், கப்புக்கு ஒரு அகப்பை. 180 கப்புக்கு 9 லீற்றர். நாங்கள் தம்பலகாமம் பக்கத்தால மோட்டார் சைக்கிளில வாற பசுப்பால் 10 லீற்றர் வாங்கிறம். மிச்ச ஒரு லீற்றர் ஆடைக்கும், அடிப்பிடிக்கிறதுக்கும், சிந்துறதுக்கும், ‘அக்கா இன்னும் கொஞ்சம் பால் விடுங்கோ’ எண்டு கிளாசை நீட்டுற ஆக்களுக்கும் எண்டு விட்டு வைச்சது. தேயிலை கப்புக்கு ரெண்டரைக் கிராம் அளவில போகும், 300 கப்புக்கு 750 கிராம். இந்தத் தேயிலைக் கணக்கைக் கொஞ்சம் நினைவில வைச்சிருங்கோ, பிறகு தேவைப்படும்.

பால் காய்ச்சேக்க வத்தும்தானே? அதைப் போய்க் களவு எண்டு நினைச்சியளோ?

வத்தும். வாய் அகண்ட சட்டியில, மெல்லிய நெருப்பில, காலமையில இருந்து கிடக்கிற பால் வத்தாமல் என்ன செய்யும்? ஆனால் வத்துறது தண்ணி. பால் தடிக்குமே தவிர, அதில இருக்கிற பால் எங்கையும் போகாது. அதால மாஸ்டர் இடைக்கிடை சுடுதண்ணி விட்டுப் பழைய மட்டத்துக்குக் கொண்டு வருவார். அப்பிடிச் செய்தால் அகப்பைக் கணக்குப் பிசகாது. செய்யாமல் விட்டால் கப் குறையும், தேத்தண்ணி மட்டும் நல்ல தடிப்பா இருக்கும்.

இதைப் பாக்க நான் செய்தது ஒரு மூங்கில் குச்சி. வெறும் சட்டிக்குள்ள ஒவ்வொரு லீற்றராத் தண்ணி விட்டு, ஒவ்வொண்டுக்கும் கத்தியால ஒரு வெட்டு. பாலுக்குள்ள குச்சியை நிறுத்தினால் எத்தனை லீற்றர் நிக்குதெண்டு தெரியும். அந்த நேரத்துப் புளியங்கொட்டையையும் எண்ணினால், எவ்வளவு நிக்கவேணும் எண்டும் தெரியும். ஒரு எச்சரிக்கை: குச்சிக்குப் பாலும் தண்ணியும் ஒண்டுதான். ஆரும் பாலை எடுத்திட்டுத் தண்ணி விட்டால் குச்சி காட்டித் தராது. அதுக்கு ஆடையைப் பாக்கவேணும். தண்ணி கூடின பாலில ஆடை மெல்லிசாத்தான் படியும், குடிச்சாலும் தெரியும். எங்கட சட்டியில ஆடை எண்டைக்கும் போலத்தான் இருந்துது.

சீனி மூட்டையே குறைஞ்சு வந்திருக்கலாமே? எறும்பு, ஈரம்?

மூட்டை வந்த உடனை, முன் கடைத் தராசில ஏத்தித்தான் காசு குடுக்கிறது, அது பழைய பழக்கம். அந்த மூட்டையும் சரியான நிறைதான்.

ஈரத்துக்குச் சீனி குறையாது. மாரியில ஈரம் இழுத்துக் கட்டிபடும், நிறை கொஞ்சம் கூடத்தான் பாக்கும். எறும்பு தின்னுறதைத் தராசு காட்டாது, ஆனால் எறும்புக்குப் பயந்து மேல் சீனியை அள்ளி எறியிறமே, அது காட்டும். எங்கட சீனிப் பேணி தண்ணித் தட்டுக்கு நடுவில நிக்கிறது, எறும்புக் கரைச்சல் இல்லை.

மான் வந்து தின்னுட்டுது எண்டு சொல்லுறாங்களே?

கோட்டைப் பக்கத்து மான் பஸ் நிலையம் மட்டும் வரும்தான், எங்கட வாசலில வாழைப்பழத் தோல் தின்னுறதும் உண்டு. மூடி போட்ட பேணியைத் திறந்து, கரண்டியால அள்ளி, திரும்ப மூடி வைக்கிற மானை நான் இன்னும் காணேல்லை. இந்தக் கதையைக் கட்டினது எங்கட பெடியன், சிரிப்புக்கு.

அப்ப முதல் பிடிபட்டது என்ன?

கரண்டி. ஆளைத் தேட முதல் அளவைத் தேடவேணும், ஏனெண்டால் அளவு பிசகினால் அது 300 கப்பிலையும் பிசகும். பழைய கரண்டியின்ர பிடி முறிஞ்சு, மாஸ்டர் வேற ஒண்டு எடுத்துப் போட்டிருந்தார். பாத்தால் ரெண்டும் ஒண்டு போலத்தான். மத்தியானம் சனம் நிறைஞ்ச நேரம் பாத்து, ‘மாஸ்டர், 50 கரண்டி இதுக்குள்ள போடுங்கோ’ எண்டு ஒரு கிண்ணத்தை நீட்டினன். ஆறுதலா இருக்கேக்க போடச் சொன்னால் எல்லாரும் வடிவாத் தட்டித்தான் போடுவினம், அந்தக் கணக்கு உதவாது. நிறுத்தால் 300 கிராம். கரண்டிக்கு 6 கிராம், கப்புக்கு 12.

ரெண்டு கிராம் எண்டால் நாக்குக்குத் தெரியாது. ஒருத்தரும் இனிப்புக் கூட எண்டு முறைப்பாடு சொல்லேல்லை. ஆனால் 300 கப்புக்கு ஒரு நாளைக்கு 600 கிராம், ரெண்டு கிழமையில 8 கிலோவுக்குக் கிட்ட. மூட்டை கெதியா முடிஞ்சதில பெரிய பங்கு இதுதான். பழைய அளவுக் கரண்டி ஒண்டு தேடி வாங்கி, பேணியின்ர விளிம்பில தட்டி மட்டமா அள்ளச் சொல்லிப் போட்டன்.

கரண்டியை மாத்தின பிறகும் குறைஞ்சதோ?

குறைஞ்சது, ஆனால் இப்ப வேற மாதிரி. அதுவரைக்கும் நான் மூட்டைக் கணக்குத்தான் பாத்தனான். கரண்டி மாத்தின பிறகு ஒவ்வொரு இரவும் சீனிப் பேணியை நிறுத்து எழுதத் தொடங்கினன். மூட்டையை நான் பூட்டித்தான் வைக்கிறது, காலமை பேணிக்கு அளந்து குடுப்பன், இரவு மிச்சத்தை நிறுப்பன்.

இப்பிடி நாளாந்தம் எழுதினால் ஒரு விசயம் தன்ர பாட்டில தெரியும். அளவில பிழையிருந்தால் அது எல்லா நாளும் ஒரே மாதிரிக் குறையும். ஆள் எடுக்கிறதெண்டால் சில நாளில மட்டும் குறையும், ஏனெண்டால் எடுக்கிறவருக்கு அவரின்ர வசதி, அவரின்ர தேவை எண்டு ஒண்டு இருக்கும். என்ர கொப்பியில திங்கள், புதன், வியாழன் எல்லாம் 3 கிலோவைச் சுத்தித்தான் நிண்டுது. செவ்வாயும் வெள்ளியும் மட்டும் 3 கிலோ 400 கிராம். பாலும் அந்த ரெண்டு நாளிலதான் 2 லீற்றர் முந்தி முடிஞ்சுது.

செவ்வாய், வெள்ளி எண்டால் திருகோணமலையில ஆருக்கும் உடனை விளங்கும். அம்மன் கோவில் நாள். பின்னேரத்தில பூக்கடை, கற்பூரக்கடை, ஆட்டோ எண்டு கோவில் வாசல்களில ஒரே சனம்.

நாள் தெரிஞ்சாப் பிறகு ஆளைப் பிடிக்கிறது சுகம்தானே?

ஆளைப் பிடிக்க முதல் என்ன நடக்குதெண்டு தெரியவேணும். நான் ஆரையும் பின்தொடரேல்லை. குறைஞ்ச ரெண்டு சாமானையும் பக்கத்தில பக்கத்தில வைச்சுப் பாத்தன். இந்தக் கதையில எல்லாரும் தாண்டிப் போற இடம் இதுதான், அதால கொஞ்சம் ஆறுதலாச் சொல்லுறன்.

ஆரும் வீட்டுக்குச் சீனி கொண்டு போறதெண்டால் சீனி மட்டும் குறையும், அதுவும் ஒரு பையளவு, ஒரு கிலோவெண்டு குறையும். பிள்ளைக்குப் பால் கொண்டு போறதெண்டால் பால் மட்டும் குறையும். சினேகிதருக்குக் கூடப் பால் விடுறதெண்டாலும் பால்தான் குறையும், சீனி அசையாது. வீட்டில பால்டொபி கிண்டி விக்கிறதெண்டால் ரெண்டும் குறையும், ஆனால் அதில சீனி அள்ளுப்பட்டுப் போகும், ரெண்டு லீற்றர் பாலுக்கு 400 கிராம் போதாது.

எங்களுக்குக் குறைஞ்சது 2 லீற்றர் பால், 400 கிராம் சீனி. பாலை அகப்பையால பிரிச்சால் 40 அகப்பை. சீனியைக் கப் அளவால, 10 கிராமால பிரிச்சால் அதுவும் 40. ரெண்டும் ஒரே எண்ணுக்கு வந்து நிக்குது. அப்ப குறைஞ்சது சீனியும் பாலும் இல்லை, 40 கப் பால் தேத்தண்ணி. எங்கட அகப்பையால, எங்கட கரண்டியால போட்டது. வெளியாள் ஒருத்தர் அள்ளியிருந்தால் கணக்கு இவ்வளவு நேராப் பொருந்தாது.

எங்கட கப்புக்குள்ள 120 மில்லிலீற்றர் பிடிக்கும். 40 கப் எண்டால் 4.8 லீற்றர். அஞ்சு லீற்றர்ப் பிளாஸ்க் ஒண்டு கழுத்து மட்டும் நிறையிற அளவு.

அப்பிடியெண்டால் கல்லாவுக்கு வராமல் கடையிலேயே வித்திருக்கலாமே?

நானும் அதை யோசிச்சனான். கடைக்குள்ள வித்துக் காசைத் தங்கட பொக்கற்றில போடுறது தேத்தண்ணிக் கடையளில இல்லாத விசயமில்லை. ஆனால் அதுக்கு நான் கல்லாவில இருக்கப்படாது. நான் சாப்பிட வீட்டுக்குப் போறது ரெண்டரைக்கும் நாலுக்கும் இடையில. அது மத்தியானச் சோத்துக்குப் பிறகு, வெயில் கொளுத்துற நேரம். கடையில ஈதான் ஓடும், 40 கப் விக்கவே ஏலாது. குச்சியால அளந்து பாத்ததில பால் இறங்கினதும் அந்த இடைவெளியிலதான். ரெண்டரைக்கு நிண்ட மட்டத்துக்கும் நாலு மணி மட்டத்துக்கும் இடையில ரெண்டு வெட்டுக்கு மேல வித்தியாசம், கொட்டையோ விரல்விட்டு எண்ணுற அளவு.

இன்னொண்டு, கடையில வித்திருந்தால் தேயிலையும் சேர்ந்து குறைஞ்சிருக்கவேணும். 40 கப்புக்கு 100 கிராம். தேயிலைப் பேணி நாள் தவறாமல் 750 கிராமிலேயே நிண்டுது.

தேயிலை இல்லாமல் தேத்தண்ணி எப்பிடிப் போட்டவை?

இந்த இடத்தில நானும் கொஞ்ச நாள் நிண்டனான். விடையைக் கொண்டு வந்தது பின் வீட்டு மாமி. அவ எங்கட தேயிலைச் சக்கையை வாளியோட எடுத்துக் கொண்டு போய்க் கறிவேப்பிலைக்கும் ரோசாவுக்கும் போடுறவ. ஒரு வெள்ளி பின்னேரம் வந்து வாளியை எட்டிப் பாத்திட்டு, ‘என்ன பிள்ளை, செவ்வாய் வெள்ளியில உங்கட சக்கைக்குச் சாறே இல்லை, வெறும் மண் மாதிரிக் கிடக்கு’ எண்டா.

மற்ற நாளில துணி வடியில இருந்து கொட்டுற சக்கை கறுத்து, கையில எடுத்தால் சாயம் பிடிக்கும். அண்டைக்கு நானும் எடுத்துப் பாத்தன். வெளிறி, பிழிஞ்சு, ரெண்டாந்தரம் அவிச்ச சக்கை. மத்தியானம் மட்டும் சேர்ந்த சக்கையைத் திரும்பக் கொதிக்க வைச்சு அதில சாயம் இறக்கியிருக்கினம். எங்கட தேயிலை தூள் வகை. முதல் ஊத்திலேயே சாறு போயிடும், ரெண்டாந்தரம் நிறம் வரும், ருசியும் மணமும் வராது. பால் விட்டால் நிறத்தை வைச்சு ஆரும் கண்டுபிடிக்கமாட்டினம்.

தேயிலைப் பேணியை நான் காலமையும் இரவும் நிறுக்கிறது மாஸ்டருக்குத் தெரியும், தேயிலைதான் விலை கூடின சாமான் எண்டு தொடக்கத்தில இருந்தே அப்பிடி. சீனிப் பேணியை நிறுக்கத் தொடங்கினது அவருக்குத் தெரியாது. அது அவர் போன பிறகு நடக்கிற வேலை.

கமரா பூட்டியிருந்தால் ஒரு நாளில முடிஞ்சிருக்குமே?

மாஸ்டர் பிளாஸ்க்கில தேத்தண்ணி ஊத்துறதைக் கமரா காட்டும். கடைக்குப் பிளாஸ்க்கில தேத்தண்ணி வாங்க வாறவையும் இருக்கினம், கச்சேரிப் பக்கத்துக் கந்தோர்களுக்கு நாங்களே அனுப்புறம். எது கணக்கில வந்தது, எது வரேல்லை எண்டு கமராவுக்குத் தெரியாது. கரண்டி மாறினதையும் அது சொல்லியிருக்காது.

மாஸ்டரிட்ட எப்பிடிக் கேட்டீங்கள்?

செவ்வாய் இரவு, பெடியனை அனுப்பிப் போட்டு, கொப்பியை அவருக்கு முன்னால விரிச்சு வைச்சன். ‘மாஸ்டர், செவ்வாயும் வெள்ளியும் நாப்பது கப் எனக்குத் தெரியாமல் போகுது. எங்க போகுது?’ எண்டுதான் கேட்டனான். நீ எடுத்தியோ எண்டு கேட்டால் இல்லையெண்டுதான் மறுமொழி வரும். நாப்பது எண்ட எண்ணைக் கேட்ட உடனை அவர் கொப்பியைப் பாக்கேல்லை, அடுப்பைப் பாத்தார்.

பிறகு சொன்னார். மச்சான்காரன் ஆட்டோ ஓடுறவன், பெற்றோல் செலவுக்கே உழைப்பில்லாமல் கிடந்தான். செவ்வாய் வெள்ளியில கோவில் வாசலில பூக்காரருக்கும் ஆட்டோக்காரருக்கும் பிளாஸ்க்கில தேத்தண்ணி விக்கத் தொடங்கினான். மூண்டு மணிக்கு வந்து பின் கதவால பிளாஸ்க்கை எடுத்துக் கொண்டு போவான். வாற காசில பாதி மாஸ்டருக்கு.

‘பாலுக்குத் தண்ணி விட்டிருந்தால் எனக்கு இவ்வளவு கெதியாத் தெரிஞ்சிருக்காதே’ எண்டன். அதுக்கு அவர் சொன்னது: ‘எங்கட கடைக்கு வாற சனத்துக்குத் தண்ணிப் பால் குடுக்க மனம் வரேல்லை அக்கா.’ கோவில் வாசல் சனத்துக்குச் சக்கைத் தண்ணி குடுக்க மனம் வந்தது எப்பிடியெண்டு கேட்டன். அதுக்கு மறுமொழி இல்லை.

சம்பளக் கதையும் வந்தது. சாமான் விலை ஏறின அளவுக்குத் தன்ர சம்பளம் ஏறேல்லை, ரெண்டு தரம் கேட்டும் நான் பாப்பம் எண்டு சொல்லி விட்டனான் எண்டார். அது பொய்யில்லை. ஆனால் சம்பளம் காணாததுக்கு வழி பின் கதவு இல்லையெண்டு அவருக்கு நேராகவே சொன்னன்.

ஏன் பொலிசுக்குப் போகேல்லை? சம்பளத்தில வெட்டினீங்களோ?

பொலிசுக்குப் போனால் எனக்கு மாஸ்டர் இல்லை. 300 கப் நாளாந்தம் ஒரே ருசியில போடுற கையை நாளைக்குக் காலமை அஞ்சு மணிக்கு எங்க தேடுறது? இதைப் பெருந்தன்மை எண்டு எடுக்காதேங்கோ, இது வியாபாரம்.

போன நாளுகளுக்குப் பாலுக்கும் சீனிக்கும் வாங்கின விலை போட்டுக் கணக்குப் பாத்தம். விக்கிற விலை போடவேணும் எண்டு என்ர அண்ணா நிண்டார். நான் சம்மதிக்கேல்லை, அந்த நாப்பது கப்பும் என்ர மேசையில வித்திருக்கப் போறதில்லை, எனக்குப் போனது சாமான்தான். அதோட, பால் முந்தி முடிஞ்ச நாளுகளில பின்னேரத்துக்குப் பால்மா வாங்கின காசையும் சேர்த்தன். அதை மாசத்துக்குக் கொஞ்சமாக் கழிக்கிறதெண்டு முடிவு. சம்பளத்தையும் கூட்டினன், ரெண்டையும் ஒரே நாளில கொப்பியில எழுதி அவரிட்டக் கையெழுத்து வாங்கினன்.

பிளாஸ்க் இப்பவும் போகுது. முன் கதவால, புதுத் தேயிலையில. மச்சான்காரன் எடுக்கேக்கயே காசைக் கல்லாவில வைக்கவேணும், கடனில்லை. அதுக்கெண்டு மூண்டாவது பேணி ஒண்டு வைச்சிருக்கு, பிளாஸ்க் ஒண்டுக்கு 40 கொட்டை. செவ்வாய் வெள்ளியில பால் 12 லீற்றர் எடுக்கிறன்.

பால்மாவுக்கு மாறினால் இந்தக் கரைச்சல் வராதே?

வரும். பால்மாவும் கரண்டியாலதான் போடுறது, குவிச்சு அள்ளினால் 400 கிராம் பைக்கற் எத்தனை கப்புக்குக் காணும் எண்டு கணக்கே இல்லை. பைக்கற்றைப் பொக்கற்றில வைக்கிறதும் சுகம், 2 லீற்றர் பாலைப் பொக்கற்றில வைக்க ஏலாது. 2022இல பால்மாத் தட்டுப்பாடு வந்து கன கடையளில பால் தேத்தண்ணியே நிண்டு போன நேரம்தான் நான் பசுப்பாலுக்கு முழுசா மாறினது. கச்சான் காத்துக் காலத்தில பால் வந்த உடனை காய்ச்சாட்டில் திரைஞ்சு போகும், அந்தக் கரைச்சல் மட்டும் உண்டு.

எங்கட கடையிலயும் சீனி இப்பிடித்தான் பறக்குது. எதில தொடங்குறது?

சனம் நிறைஞ்ச நேரத்தில 50 கரண்டி நிறுத்துப் பாருங்கோ. பாதிப் பேருக்கு அதிலேயே விடை கிடைச்சிடும். பாசல் தேத்தண்ணி கூடப் போற கடையெண்டால் அதையும் அளவுக் கிண்ணத்தில ஊத்திப் பாக்கவேணும். பைக்குள்ள விடுற தேத்தண்ணி எப்பவும் கிளாஸ் அளவை விடக் கூடத்தான் போகும், அது ஆரின்ர களவும் இல்லை.

அளவு சரியெண்டால் கப்பை எண்ணிக் கொண்டு, இரவு மிச்சத்தை நிறுத்து, கிழமை நாளோட எழுதுங்கோ. எங்கட கடையளவு கடைக்கு ஒரு நாளில 150 கிராம் சீனி முன்னப் பின்ன வாறதை வைச்சுக் கதைக்கக் கூடாது. கப்புக்கு அரைக் கிராம் பிசகினாலே அவ்வளவு வந்திடும், அந்தப் பிசகு எந்தக் கையிலையும் இருக்கும். அதுக்கு மேல, சில நாளில மட்டும் குறைஞ்சால், சீனி எத்தனை கப்புக்கு, பால் எத்தனை கப்புக்கு எண்டு தனித்தனியாப் பிரிச்சுப் பாருங்கோ.

கோப்பி, மைலோ எண்டு கன வகை விக்கிற கடைக்கு இந்தப் பிரிப்பு நேரா வராது. ஒவ்வொரு வகைக்கும் வேற வேற பால், வேற வேற சீனி. அங்க வகைக்கு ஒரு பேணி வைச்சுக் கொட்டை போடவேணும், இல்லாட்டில் கூட்டிக் கழிச்சு வாற எண்ணை நம்பி ஆரையும் கேக்கப் போகாதேங்கோ. சீனியை மேசையில வைச்சு ஆக்களையே போடச் சொல்லுற கடைக்கும் சீனிக் கணக்கு உதவாது, அங்க பாலையும் தேயிலையையும் வைச்சுத்தான் பாக்கலாம்.